கன்னத்துப் பூனை முடியும் தாடையில் முளைத்த கறுப்பு முடியும்

கேள்வி: வயது 26. நான்கு மாதங்களுக்கு முன்பு கன்னத்திலும் மேலுதட்டிலும் இருந்த பூனை முடியை முதன்முறையாக ரேசரால் எடுத்தேன். இப்போது தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. தாடைக்கு அடியில் ஏழெட்டு முடிகள் கறுப்பாக, தடிமனாக முளைத்திருக்கின்றன. “முகத்தில் கத்தி பட்டால் தாடிதான் வளரும் என்று அப்போதே சொன்னேனே” என்கிறார் அம்மா. இணையத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஷேவ் செய்த பிறகு வந்த சிவப்புக்கு மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கி இரண்டு மாதமாகத் தினமும் பூசுகிறேன். முகம் கறுத்துவிடுமா? சுருக்கம் விழுமா? மாதவிடாய் 45, 50 நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அது எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பதில்: “எப்போதும் அப்படித்தான்” என்று கடைசியில் ஒதுக்கிவிட்டீர்களே, உங்கள் கடிதத்தில் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய செய்தி அதுதான். தாடையில் முளைத்திருக்கும் முடிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். ரேசருக்கும் அந்த முடிக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற புரதம். அது வளர்வது தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பையில். கத்தி தோலின் மேற்பரப்பில் முடியை அறுக்கிறதே தவிர வேர்ப்பையை எட்டுவதில்லை. மேலே முடி வெட்டப்பட்டது என்ற செய்தி அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. பிறகு சொரசொரப்பு எங்கிருந்து வந்தது என்றால், வெட்டப்படாத பூனை முடியின் நுனி மெல்ல மெல்லக் குறுகி ஊசிபோல் முடிகிறது, வெட்டியதும் அந்தக் கூர்நுனி போய் மழுங்கிய குறுக்குவெட்டு மட்டும் நிற்கிறது. சீவிய பென்சிலின் முனையை ஒடித்தால் பென்சில் தடித்துவிடுவதில்லை, ஆனால் விரலில் குத்தும் விதம் மாறிவிடுகிறது அல்லவா? அதேதான். முடி இன்னும் சிறிது நீண்டு வளைந்து கொடுக்கத் தொடங்கியதும் அந்த உறுத்தல் குறைந்துவிடும். இதை 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் அளந்து பார்த்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதினார். 1970-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் ஒரு காலை மட்டும் பல மாதங்கள் வாராவாரம் மழித்து, மழிக்காத மற்றக் காலோடு ஒப்பிட்டார்கள். அதிலும் வேறுபாடு இல்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் தெரிந்த விஷயத்தை இணையம் இன்னும் மறுத்துக்கொண்டிருப்பதற்கு மருத்துவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

அப்படியானால் தாடை முடி ஏன் வந்தது? மேலுதடு, தாடை, கழுத்து ஆகிய இடங்களிலுள்ள வேர்ப்பைகள், ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்களுக்கு மற்ற இடங்களைவிட அதிகமாகச் செவிசாய்ப்பவை. பெண்ணுடலிலும் இந்த ஹார்மோன்கள் சிறிதளவு சுரக்கின்றன. அவை கூடும்போது, அல்லது வேர்ப்பை அவற்றுக்கு மிகையாக எதிர்வினை ஆற்றும்போது, நிறமற்ற மெல்லிய முடியைத் தந்துகொண்டிருந்த அதே வேர்ப்பை கறுத்த தடித்த முடியைத் தரத் தொடங்குகிறது. இந்த மாற்றம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நடப்பது. ஆகவே இப்போது கண்ணில் படும் முடிகளுக்கான மாற்றம், நீங்கள் ரேசரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். சுற்றியிருந்த பூனை முடி போனதாலும், ஷேவ் செய்த பிறகு நாள்தோறும் கண்ணாடியில் தாடையை ஆராய்வதாலும், அவை இப்போது தனியாகத் தெரிகின்றன. பெண்கள் முகத்தை மழிக்கத் தொடங்கும் இளவயதும் இத்தகைய ஹார்மோன் கோளாறுகள் வெளிப்படும் வயதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பழி கத்தியின் மேல் விழுகிறது. அதில் எனக்குள்ள எரிச்சல் ஒன்றுதான்: கத்தியைக் குற்றம் சாட்டி அதை நிறுத்திவிட்டு, உண்மையான காரணத்தைச் சில ஆண்டுகள் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

தாடையில் சில கறுப்பு முடிகள் இருந்து, மாதவிடாயும் ஒழுங்காக வருகிறது என்றால் நான் பெரும்பாலும் எந்தச் சோதனையும் எழுத மாட்டேன். நலமாக இருக்கும் பெண்கள் பலருக்கும் அப்படி உண்டு. 35 நாட்களைத் தாண்டிய சுழற்சி வழக்கமாகவே இருப்பதும், அதோடு முகத்தில் தடித்த முடி வருவதும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு. அதை உறுதி செய்ய மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும்: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதிக்கான அறிகுறி அல்லது இரத்தச் சோதனைச் சான்று, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். அதாவது ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிகின்றன என்பதற்காக மட்டும் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஆகியவற்றை இரத்தச் சோதனையால் விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ஆண்ட்ரோஜன்களில் முக்கியமான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவாகக் காட்டும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்குச் சில ஆய்வக முறைகளில் அது பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். இவற்றில் எது எடுத்தாலும் சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதை நான் வலியுறுத்துவது முகத்தின் அழகுக்காக அல்ல. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால் கருப்பையின் உட்சுவர் தேவைக்கு மேல் தடிக்கிறது, அதைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விடக் கூடாது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் சர்க்கரை அளவையும் சேர்த்தே பார்ப்போம். அடுத்த சுழற்சி 90 நாட்களைத் தாண்டினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் உடனே சென்று காட்டுங்கள். இன்னும் அவசரமான நிலை ஒன்று உண்டு. தடித்த முடி சில மாதங்களுக்குள் வேகமாகப் பெருகுவது, குரல் கனப்பது, நெற்றியின் இருபுறமும் தலைமுடி ஆண்களுக்குப்போல் பின்வாங்குவது, இவை சேர்ந்து வந்தால் சினைப்பையிலோ அட்ரினலிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று சில நாட்களுக்குள் பார்த்தாக வேண்டும். அது அரிது, உங்கள் கடிதத்தில் அதன் சாயல் இல்லை.

அடுத்தது அந்தக் கிரீம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் நீங்கள் இரண்டு மாதமாக முகத்தில் பூசிவருவது ஸ்டீராய்டு. முதல் சில நாட்களில் சிவப்பை அடக்கிவிடும் என்பதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். பூசிய இடத்தில் பூனை முடியும் கூடும். பூனை முடியை எடுக்கப் போய், அதை வளர்க்கும் மருந்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசுவது எவ்வளவு வேடிக்கை! அந்த முடி மருந்தை நிறுத்திய சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் இத்தனை வாரப் பழக்கத்துக்குப் பிறகு திடீரென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பலாம். எனவே நிறுத்தும் முறையைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

சுருக்கம் விழாது. கறுப்பதற்கும் மழிப்பது நேரடிக் காரணம் அல்ல. உரசலில் தோல் புண்பட்டால், மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு ஆறிய இடத்தில் கருமை தங்கும். ஆகவே எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முகம் இப்போது சிவந்திருப்பதால், அது முழுமையாக அடங்கும்வரை ரேசரைத் தொட வேண்டாம். பிறகு தொடங்கும்போது, காலுக்கோ அக்குளுக்கோ வைத்திருக்கும் பல அலகு ரேசரை முகத்துக்குக் கொண்டுவராதீர்கள். பாதுகாப்பு விளிம்புள்ள ஒற்றை அலகு முக ரேசர் போதும். இரவு நேரம் நல்லது, ஏனென்றால் அதன்பின் வெயிலும் ஒப்பனையும் இல்லை. மென்மையான முகக்கழுவியால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மணமில்லாத ஷேவிங் ஜெல்லை மெல்லிய படலமாகத் தடவுங்கள். உலர்ந்த தோலில் இழுக்கும் காணொளிகள் நிறைய உண்டு. முதல்முறையே சிவந்துபோன உங்கள் தோலுக்கு அது ஏற்றதல்ல. ஒரு கையால் தோலை இலேசாக இழுத்துப் பிடித்து, அலகை ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே விரற்கடை நீளத்துக்குச் சிறு சிறு வீச்சாக இறக்க வேண்டும். கையின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். ஒரே இடத்தில் மூன்று, நான்கு முறை ஓட்டுவதுதான் பெரும்பாலான சிவப்புக்குக் காரணம். ஓரிரு முடி தப்பினால் தப்பட்டும்.

கத்தி முடியோடு தோலின் மேலடுக்கிலுள்ள இறந்த செல்களையும் சுரண்டி எடுக்கிறது. ஷேவ் செய்த பிறகு முகம் பளிச்சென்று தெரிவதும், ஒப்பனை சீராகப் படிவதும், கூடவே எது பூசினாலும் எரிவதும் அதனால்தான். ஆகவே முன்னும் பின்னும் இரண்டு நாட்களுக்கு ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் கலந்தவை வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். குளிர்ந்த நீரில் கழுவி, மணமில்லாத மாய்ஸ்சரைசர் பூசி, மறுநாள் காலையில் சன்ஸ்கிரீன் போட்டால் போதும். கன்னத்துப் பூனை முடிக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறைக்கு மேல் தேவைப்படாது. அலகை ஐந்தாறு முறைக்குள் மாற்றிவிடுங்கள், சகோதரியோடுகூடப் பகிராதீர்கள்.

சீழ்ப்பரு இருக்கும் இடத்தையும் உயர்ந்து நிற்கும் மச்சத்தையும் சுற்றிக்கொண்டு செல்லுங்கள். உதட்டோரம் நீர்க்கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். தட்டையான சிறு புடைப்புகள் கத்தி சென்ற வழியிலேயே வரிசையாக முளைத்தால் அவை பரு அல்ல, மருவாக இருக்கலாம். அலகு அந்த வைரஸை விதைத்துக்கொண்டே போகும் என்பதால் அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பி.சி.ஓ.எஸ். என்று உறுதியாகி மாத்திரை தொடங்கினாலும், முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி பெரும்பாலும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்கு லேசர் அல்லது மின்முறை நீக்கம் தேவைப்படலாம். அதுவரை தாடையையும் தாராளமாக மழிக்கலாம், சிகிச்சைக்கு அது எந்த விதத்திலும் இடையூறு அல்ல. முதல் சந்திப்புக்கு மட்டும் ஒரு வாரம் முன்பிருந்து தாடை முடியைத் தொடாமல் விடுங்கள். எவ்வளவு, எங்கே, எத்தனை தடிமன் என்பதை மருத்துவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதி, அந்தக் கிரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.