மூன்றாவது துடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பி

மதிப்பிற்குரிய டாக்டர்,

கௌதம் நகரில் அறை எடுத்து முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். பழைய கேள்விகளில் வந்த ஈசிஜி படங்களில் 400க்கு மேல் பார்த்தாயிற்று. பார்த்ததும் விடை வந்துவிடுகிறது, ஆனால் புதுப் படம் என்றால் தடுமாற்றம். இத்துடன் வைத்துள்ள படத்தில் பிஆர் நீண்டுகொண்டே போய் ஒரு பி-க்குத் துடிப்பே வரவில்லை. வென்கபாக் என்று போட்டேன், கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். வரிசையாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் முடிக்க முடியுமா? ஆக்சிஸுக்குக் குறுக்குவழி உண்டா? எந்த ஆப் நல்லது?

ம., தில்லி

அன்புள்ள ம.,

ஆப் பற்றி எனக்குத் தெரியாது. ஆக்சிஸுக்கு லீட் 1, ஏவிஎஃப் இரண்டிலும் க்யூஆர்எஸ் மேல்நோக்கி இருந்தால் நார்மல் என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் கோபம் கொஞ்சம் கூடவே வருகிறது. 400 படத்தைப் பார்த்தேன் என்கிறீர்கள். எதைப் பார்த்தீர்கள்? தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விக்கு, அதே மாதிரி இருக்கட்டும் என்று யாரோ தேடி ஒட்டிய படங்கள்தான் அவற்றில் பல. அந்த முகங்களை மனப்பாடம் செய்து என்ன பயன்?

வேகம், தாளம், ஆக்சிஸ், பி, பிஆர், க்யூஆர்எஸ், எஸ்டி, டி, க்யூடி. இந்த வரிசை உங்களுக்கும் தெரியும். நீங்கள் நேராக ஐந்தாவது படிக்குத் தாவிவிட்டீர்கள். விடை இரண்டாவது படியிலேயே இருக்கிறது.

ஆர்-ஆர் இடைவெளியை எண்ணுங்கள். 7 பெரிய கட்டம், 7, மறுபடி 7. 300ஐ 7ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 43. துடிப்பு மெதுவாக, ஆனால் கடிகாரம் போலச் சீராக வருகிறது. வென்கபாக்கில் ஒரு துடிப்பு விழாமல் போனால் அந்த இடத்தில் ஆர்-ஆர் நீண்டாக வேண்டும். இங்கே நீளவில்லை. அப்படியானால் எந்தத் துடிப்பும் விடுபடவில்லை. பிஆரைத் தொடுவதற்கு முன்பே வென்கபாக் போய்விட்டது.

இப்போது பி-க்கு வாருங்கள். பளிச்சென்று தெரியும் பி-க்களுக்கு நடுவே 6 கட்டம், 6, 6, கடைசியில் மட்டும் 3. இந்த 3தான் துப்பு. பி-க்கள் உண்மையில் 3 கட்டத்துக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு 100 வருகின்றன. 6 கட்ட இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று மறைந்திருக்கிறது. முதல் துடிப்பின் டி அலை மேல் ஒரு மேடு தெரிகிறதா? அது ஒன்று. இரண்டாவது துடிப்பின் எஸ்டியில் இன்னொன்று. மூன்றாவது, மூன்றாவது க்யூஆர்எஸ்ஸுக்குள்ளேயே.

பிஆர் 1 கட்டம், 2, 3 என்று நீள்வதாகத் தோன்றியது வெறும் கணக்கு. மேலறை 3 கட்டத்துக்கு ஒரு முறை, கீழறை 7 கட்டத்துக்கு ஒரு முறை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் அவரவர் வழியில் நடக்கிறார்கள், கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்பது இதுதான். அதனால் இடைவெளி துடிப்புக்கு ஒரு கட்டம் நகர்கிறது, அவ்வளவுதான். ஒன்று கவனியுங்கள்: ஆர்-ஆர் சீராக இருந்து பிஆரும் மாறாமல் இருந்தால் அது 2:1 பிளாக்காக இருக்கலாம். இங்கே பிஆர் மாறுகிறது, ஆர்-ஆர் மாறவில்லை. க்யூஆர்எஸ் குறுகலாக இருப்பதால் துடிப்பு ஜங்ஷனிலிருந்து வருகிறது. மூன்றே துடிப்புள்ள துண்டுப் படம் கொடுத்திருந்தால் இதைச் சொல்லவே முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வென்கபாக் தன் பெயர் கொண்ட தாளத்தை விவரித்தது 1899இல். அப்போது ஐந்தோவனின் ஸ்ட்ரிங் கால்வனோமீட்டர் ஈசிஜி வரவில்லை. அவர் கையில் இருந்தது நாடித் துடிப்பின் பதிவு. துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளந்துதான் கண்டுபிடித்தார். பிஆர் என்ற ஒன்றை அவர் பார்க்கவே இல்லை. நீங்களோ பிஆரை மட்டும் பார்த்துவிட்டு அவர் பெயரை எழுதுகிறீர்கள்!

நான் செய்தது இதைவிட மோசம். இங்கே ஒரு மருத்துவமனையின் காஷுவால்டியில், ஆர்.கே. புரத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. சமையலறையில் மயங்கி விழுந்தவர். நான் தமிழன் என்று தெரிந்ததும் "சாப்பிட்டியாப்பா?" என்றார். அந்தச் சந்தோஷத்தில் ஸ்ட்ரிப்பைப் பார்த்து, வென்கபாக், வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டேன். காலையில் சீனியர் வந்தார். ஒரு வெற்றுத் தாளின் ஓரத்தை ஸ்ட்ரிப் மேல் வைத்து மூன்று ஆர்-களுக்குப் பென்சிலால் கோடு போட்டார். தாளை ஒரு துடிப்பு நகர்த்தினார். கோடுகள் அப்படியே பொருந்தின. எதுவும் பேசாமல் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, பாட்டிக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் வைக்க ஏற்பாடு செய்யப் போனார்.

தேர்வில் திரை மேல் தாள் வைக்க முடியாது, கட்டம்தான் எண்ண வேண்டும். அந்த 400ஐயும் விடையை மூடிக்கொண்டு மறுபடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆர்-ஆர் எத்தனை கட்டம், பி-பி எத்தனை கட்டம் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் மற்றது. ஒரு நிமிடம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? இந்த இரண்டு எண்ணுக்கு இருபது விநாடி ஆகும்.

சரி, அந்தப் படத்தைப் பெரிதாக்கி மூன்றாவது க்யூஆர்எஸ்ஸை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிவாரத்தில் கொஞ்சம் தடித்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.