போனில் ஓனர் சொன்னதை எழுத்தாக்குவது எப்படி?

"சென்னையில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறைச் சுவர் கசிவைச் சரிசெய்து தருவதாகவும், டிசம்பர் கடைசியில் காலி செய்யும்போது அட்வான்ஸ் 1,50,000 ரூபாயைத் தருவதாகவும் ஓனர் 9-ஆம் தேதி போனில் சொன்னார். பதிவு இருக்கிறது. இப்போது பேச்சு மாறுகிறது. நூறு ரூபாய் பத்திரத்தில் இதை எழுதி நோட்டரி வாங்கிவிடு என்கிறார்கள். பழைய தேதியிலேயே பத்திரம் கிடைக்குமாம். செய்யலாமா?"

செய்யாதீர்கள். ஓனர் கையெழுத்து இல்லாத பத்திரம் உங்கள் தரப்புக் கூற்று மட்டும்தான். நோட்டரி முத்திரை விழுந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. பழைய தேதிப் பத்திரம் அதைவிட மோசம். முத்திரைத்தாள் யாருக்கு, எந்தத் தேதியில் விற்கப்பட்டது என்பது விற்பனையாளரின் பதிவேட்டில் இருக்கும். அது பொய் என்று வெளியானால் உங்கள் உண்மையான ஒலிப்பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். நீதிமன்ற வாசலில் 'எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்' என்று வருபவருக்கு இதெல்லாம் கவலையில்லை. காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் சார். 09.11.2025 மாலை 7.12-க்கு நாம் பேசியபோது நீங்கள் சொன்னது: குளியலறைச் சுவர் கசிவை இம்மாதம் 30-க்குள் ஆள் வைத்துச் சரிசெய்வீர்கள். டிசம்பர் 31 அன்று காலி செய்ததும் அட்வான்ஸ் 1,50,000 ரூபாயில் பெயிண்ட் செலவு மட்டும் கழித்து மீதியைத் தருவீர்கள். நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். 12.11.2025."

பெயிண்ட் செலவு பற்றி அவர் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பாதகமானதை நீங்களே எழுதினால்தான் மற்றதற்கு நம்பகம் வரும். 'பாத்துக்கலாம்பா' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதை 'ஒப்புக்கொண்டார்' என்று மாற்றாதீர்கள், 'பாத்துக்கலாம் என்றீர்கள்' என்றே எழுதுங்கள். பேசிய தேதி வேறு, எழுதும் தேதி வேறு; இரண்டும் இருக்கட்டும். பதிவு செய்ததைச் சொல்லி மிரட்ட வேண்டாம். அந்த அரட்டையில் செய்திகள் தானாக அழியும் வசதி இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள்.

நீல டிக் விழுந்தால் செய்தியைப் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம், சம்மதம் என்றல்ல. பல ஓனர்கள் எழுத்தில் பதில் தராமல் போன் செய்வார்கள். செய்தால் பேசுங்கள்; பேசி முடித்ததும் 'இப்போது சொன்னது இது' என்று இன்னொரு செய்தி அனுப்புங்கள். இதே வாசகத்தைக் கடிதமாகவும் அனுப்பி, ரசீதையும் அவர் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் அத்தாட்சி வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள்.

அப்புறம் ஒலிப்பதிவு. ஒரு தாளின் மேலே இரண்டு போன் எண்கள், அழைப்புப் பட்டியலில் உள்ள நேரம், எத்தனை நிமிடம், கோப்பின் பெயர், நீங்கள் எழுதிய தேதி இவ்வளவும் எழுதுங்கள். கீழே பேச்சை நிமிடக் குறிப்போடு, பேசிய கொச்சையிலேயே எழுதுங்கள். கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடுங்கள், யூகித்து நிரப்ப வேண்டாம். நீங்களே பேசிய அழைப்பு என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு கதை, தப்பு.

இந்தப் போனை மட்டும் விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பென்டிரைவிலோ சிடியிலோ நகல் கொடுத்தால் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் பகுதி ஒன்று. ஆனால் பதிவு நடந்த அதே போனை, அதன் சொந்தக்காரரான நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே போன், நீங்களே சாட்சி: இரண்டும் சேர வேண்டும். கோப்பை மாற்றிய புதுப் போன் இதில் சேராது. மகன் லேப்டாப்பில் இருப்பதும் சேராது. பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி 'முக்கியமான இடம்' மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. முழு அழைப்பும் அப்படியே கிடக்கட்டும். 'சான்றிதழ் பத்தாயிரம், ஃபோரன்சிக் ரிப்போர்ட் இருபதாயிரம்' என்று யாராவது வந்தால், வழக்கே இன்னும் இல்லையே என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அட்வான்ஸைத் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் முறையிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். நகரத்தில் பலர் பதிவு செய்வதில்லை என்று தெரிந்தும் கேட்பார்கள்! அதையும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்று கசிந்த சுவரையும் மின்மீட்டரையும் படமெடுத்து அதே அரட்டையில் போடுங்கள். எந்த வங்கிக் கணக்கில் பணம் வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.