மூணு பேர் சேர்ந்து பார்ட்னர்ஷிப் ஆரம்பிக்கிறோம். நாளைக்கு ஒருத்தர் விலகினா குட்வில் எப்படி கணக்கு பண்றதுன்னு டீட்ல என்ன எழுதணும்?

நீங்க மூணு பேரும் சொந்தக்காரங்க இல்லன்னா ஃப்ரெண்ட்ஸா இருப்பீங்க, ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பழைய டீட்ல பேரை மட்டும் மாத்தி கையெழுத்துக்கு நீட்டியிருப்பாங்க, சரியா? எங்களுக்கும் அப்படித்தான் நடந்துச்சு. நான் வக்கீல் இல்ல, ஆடிட்டரும் இல்ல. திருச்சியில ஒரு எலக்ட்ரிகல் ஹோல்சேல் கடையில 30 பர்சன்ட் பார்ட்னரா இருந்து வெளிய வந்தவன், அவ்ளோதான். படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க.

எங்க டீட்ல குட்வில்லுக்கு ஒரே ஒரு வரி. கடைசி மூணு வருஷ நிகர லாபத்தோட சராசரி, அதுல ரெண்டு மடங்கு, விலகுறவருக்கு அவர் பங்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிகர லாபம்னா எது? பார்ட்னர் சம்பளம் கழிக்கிறதுக்கு முன்னாடியா, கழிச்ச பிறகா? அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

எங்க கணக்குல சம்பளம் கழிச்ச பிறகு மூணு வருஷ லாபம் 12, 14, 4 லட்சம். அந்த 4 லட்சம் லாக்டவுன் வருஷம். சராசரி 10, ரெண்டு மடங்கு 20, என் பங்கு 6 லட்சம். ஆனா வருஷா வருஷம் மூணு பேருக்கும் சேர்த்து 9 லட்சம் சம்பளம் எழுதியிருக்கோம். அதைக் கழிக்காம பார்த்தா சராசரி 19, ரெண்டு மடங்கு 38, என் பங்கு 11 லட்சத்து 40 ஆயிரம். அதே கடை, அதே லெட்ஜர், வித்தியாசம் மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம்.

சம்பளத்தைக் கழிக்கணும்னு மத்த ரெண்டு பார்ட்னரும் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, நான் ஒத்துக்கறேன். நான் போனா என் வேலையைப் பார்க்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கணும், அது செலவுதானே. ஆனா அந்த 9 லட்சம் வேலைக்குத் தக்க சம்பளம் இல்ல, ஃபர்மோட வரி குறையட்டும்னு ஆடிட்டர் போட்ட நம்பர். வெளியாளுங்களை வச்சு மூணு பேர் வேலையையும் செஞ்சா 6 லட்சம்தான் ஆகும்னு கடைசில பேசி முடிச்சோம். அப்ப சராசரி 13, ரெண்டு மடங்கு 26, எனக்கு 7 லட்சத்து 80 ஆயிரம். லாக்டவுன் வருஷத்தை ஒதுக்கிட்டு அந்த மூணு வருஷத்துக்கும் முந்தின வருஷத்தை எடுக்கச் சொன்னேன், அசையல, ஏன்னா டீட்ல 'கடைசி மூணு வருஷம்'னு தெளிவா இருக்கு. அதனால உங்க டீட்ல சம்பளத்தை எந்த ரேட்ல கழிக்கணும், அசாதாரணமான வருஷம் வந்தா அதுக்குப் பதிலா எந்த வருஷம், ரெண்டையும் எழுதிடுங்க.

நடுவுல ஒருத்தர் 'பேலன்ஸ் ஷீட்ல குட்வில்லே இல்லையே, அப்புறம் என்ன பங்கு'ன்னு கேட்டார். புக்ல ஏத்தலன்னாலும் குட்வில் ஃபர்மோட சொத்துதான், 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 14வது பிரிவு அதைத்தான் சொல்லுது. ஆனா 'குட்வில்லுக்கு மதிப்பு கிடையாது'ன்னு டீட்ல ஒரு வரி இருந்தா கதை வேற, கையெழுத்துக்கு முன்னாடி அதைத் தேடிப் பாருங்க. லாபப் பங்கும் அப்படித்தான், எழுதலன்னா 13வது பிரிவுப்படி சமபங்கு, நீங்க 20 லட்சம் போட்டு இன்னொருத்தர் 2 லட்சம் போட்டிருந்தாலும் சரி.

இதுல எரிச்சல் என்னன்னா, 'சொந்தத்துக்குள்ள கணக்குப் பார்க்கலாமா'ன்னு அட்வைஸ் பண்ண வந்த பெரியவங்க. 101 ரூபா மொய்யை நோட்டுப் போட்டு எழுதி, பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பார்க்கிற குடும்பம் இது. என் 30 பர்சன்ட்டை மட்டும் நான் கேட்கக்கூடாதாம். சரி விடுங்க.

பணம் எப்போ வரும்ங்கிறதையும் எழுதணும், எத்தனை தவணை, பாக்கிக்கு என்ன வட்டி. எழுதாம இழுத்துட்டே அதே சொத்தை வச்சு வியாபாரம் பண்ணாங்கன்னா 37வது பிரிவுல ரெண்டு வழி இருக்கு. உங்க பங்கால வந்த லாபத்தைக் கேட்கலாம், இல்ல வருஷத்துக்கு 6 பர்சன்ட் வட்டி வாங்கிக்கலாம். இன்னிக்கு பேங்க் கடன் வட்டி என்னன்னு பார்த்தா, 6 பர்சன்ட்டுக்கு உங்க பணத்தை வச்சுக்கறது அவங்களுக்கு லாபம்தான். டீட்ல 12ன்னு போட்டா சீக்கிரம் செட்டில் பண்ணுவாங்க.

ரிட்டயர்மென்ட் டீட் போட்டாச்சு, பணமும் வந்தாச்சுன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க. பப்ளிக் நோட்டீஸ் குடுக்கிற வரைக்கும் ஃபர்ம் வாங்குற புதுக் கடனுக்கும் உங்க தலை உருளும். பதிவான ஃபர்ம்னா ரெஜிஸ்ட்ராருக்கு நோட்டீஸ், அரசிதழ், அந்த ஏரியாவுல ஓடுற ஒரு தமிழ்ப் பேப்பர், மூணும் வேணும். பழைய கடனுக்கு அந்த நோட்டீஸ் உதவாது. கடையோட ஓவர்டிராஃப்ட் கடனுக்கு நான் போட்ட பர்சனல் கியாரண்டியை விடுவிக்கறேன்னு பேங்க் லெட்டர்பேட்ல எழுதி வாங்கின பிறகுதான் கடைசித் தவணைக்கு ரசீது குடுத்தேன்.