எடைமேடை எங்கே நிற்கிறது?

கேள்வி: ஒரே ஊரின் பிளாஸ்டிக் பாட்டில் மறுசுழற்சி 70% என்கிறது ஒரு அறிக்கை, 42% என்கிறது இன்னொன்று. யார் பொய் சொல்கிறார்கள்?

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எந்தக் கட்டத்தில் எடை போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். கணக்குக்காக நானே வைக்கும் எண்களோடு பார்ப்போம்.

பெட் என்பது தண்ணீர், பானப் பாட்டில்கள் செய்யும் பிளாஸ்டிக். விற்பனையான பெட் பாட்டில்கள் 100 டன். சேகரிப்பு லாரிகளில் வந்தது 70 டன். ஆனால் அந்த 70 டன்னில் பாட்டிலுக்குள் மிச்சமிருந்த பானம், மண், தவறிப்போய் விழுந்த வேறு குப்பை எல்லாம் அடக்கம். விற்ற எடையோ காலி பாட்டிலின் எடை. ஈரமும் அழுக்கும் சேர்ந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து வந்ததுதான் அந்த 70%.

தரம் பிரித்து, அமுக்கிக் கட்டிய பொதிகளாக, அதாவது பேல்களாக, கட்டியபின் 58 டன். அதை அரைத்துக் கழுவிக் காயவைத்தால் கையில் நிற்கும் துண்டுகள் 42 டன்.

58-க்கும் 42-க்கும் இடையிலான 16 டன் எங்கே போனது? அழுக்கும் பசையும் கழுவும் நீரோடு போகும். மூடியும் சில லேபிள்களும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும், பெட் மூழ்கும். மூடிகளை வேறு ஆலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அது பாட்டில் கணக்கில் வராது. தொல்லை, பாட்டில்களோடு கலந்து வரும் பிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக்தான். அதன் அடர்த்தி ஏறக்குறைய பெட்டுக்குச் சமம் என்பதால் அதுவும் மூழ்கும், தண்ணீரால் பிரிக்க முடியாது. பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும், உருகிய பெட் மஞ்சளாகும். அதனால் அகச்சிவப்பு உணரி வைத்து, சந்தேகப்பட்டதையெல்லாம் ஊதித் தள்ளுவார்கள். நல்ல துண்டுகளும் சேர்ந்தே போகும். பாட்டிலை முழுதாகச் சுற்றிய உறை இருந்தால், உணரி பார்ப்பது உறையைத்தான்.

இன்னொரு எண்ணும் உலவும்: 58-இல் 42, அதாவது 72%. அது ஆலையின் விளைச்சல். விளம்பரத்தில் அதுவே 'மறுசுழற்சி விகிதம்' ஆகிவிடும். இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, ஏனென்றால் வாசலுக்கே வராத பாட்டில்களை அது பார்ப்பதே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு, பெரிய இழப்பில்லை என்று கருதினால் தரம் பிரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் எடையையே மறுசுழற்சியாகக் காட்டலாம். நம் உதாரணத்தில் அது 58. 2019-இல் வந்த விதி எடைமேடையை நகர்த்தியது: பிளாஸ்டிக் என்றால், மேற்கொண்டு சுத்திகரிப்பு ஏதும் இல்லாமல் உருக்கும் எந்திரத்துக்குள் போகும் எடைதான் கணக்கு. அப்படியானால் 42. ஒரே குப்பை, ஒரே ஆலை, விகிதம் மட்டும் விழும். உருக்கும்போது வடிகட்டியில் சிக்கும் கழிவை அந்த விதியும் கழிப்பதில்லை. அதனால் 42 டன் புதுப் பொருள் வந்தது என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்த முறை அறிக்கையைப் பார்த்தால் முதலில் வகுக்கும் எண்ணைத் தேடுங்கள்: விற்றதா, சேகரித்ததா, ஆலைக்கு வந்ததா? பிறகு, வெளிநாட்டுக்குக் கப்பலேறிய பேல்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால், அங்கே கழுவியபின் எடுத்த எடையா, துறைமுகத்தில் எடுத்த எடையா என்று கேளுங்கள்.