சேவைப் புத்தகத்தில் ‘ராணி’, ஆதாரில் ‘செல்வராணி’: குடும்ப ஓய்வூதியம் குறித்த கேள்வி பதில்

மத்திய அரசு ஊழியர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், அஞ்சல் கணக்குப் பிரிவில் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

திருநெல்வேலிப் பெண்: என் கணவர் அஞ்சலக எழுத்தர். மூன்று மாதங்களுக்கு முன் பணியிலிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 45. அடிப்படைச் சம்பளம் 52,000. 2008-இல் சேர்ந்ததால் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார். சேவைப் புத்தகத்தில் என் பெயர் ராணி, ஆதாரில் செல்வராணி. பெயர் பொருந்தவில்லை என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். நோட்டரி பிரமாணப் பத்திரம் கொடுத்தும் ஏற்கவில்லை.

பதில்: முதலில் நிம்மதியான செய்தி. புதிய திட்டத்தில் இருந்த மத்திய அரசு ஊழியர் பணியில் இறந்தால், அவர் எழுத்துப்பூர்வமாகப் பழைய முறைக்கு விருப்பம் தந்திருந்தால், குடும்பத்துக்கு அந்த முறையிலேயே ஓய்வூதியம் உண்டு. அப்படியானால் உங்களுக்கு முதல் 10 ஆண்டுகள் சம்பளத்தில் பாதி, 26,000. அதன்பின் 30 சதவீதம், 15,600. இரண்டுக்கும் அகவிலை நிவாரணம் தனி. அவருடைய ஓய்வூதியக் கணக்கில் அரசு செலுத்திய பங்கு அரசுக்கே திரும்பிவிடும். அவர் செலுத்தியதும் அதன் வளர்ச்சியும் நியமனதாரருக்கு வரும்.

இனிப் பெயர். பிரமாணப் பத்திரத்தை ஏன் ஏற்கவில்லை என்றால், அதை எழுதியதும் நீங்கள், பணம் கேட்பதும் நீங்கள், தேதியும் அவர் இறந்தபின் உள்ளது. ‘ராணி, செல்வராணி ஆகிய இரு பெயர்களும் என்னையே குறிக்கும்’ என்ற வரி தனியாக நின்றால் அதற்கு வலுவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்துக் காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். திருமணப் பதிவுச் சான்று, பழைய குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் தாயின் பெயர், அவர் அலுவலகத்தில் கொடுத்த மருத்துவச் செலவுக் கோரிக்கை, இவற்றில் எதில் ‘ராணி’ இருக்கிறது, எதில் ‘செல்வராணி’ இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றாவது கிடைத்தால், அவற்றின் தேதியையும் எண்ணையும் பத்திரத்துக்குள்ளேயே எழுதி, நகல்களை இணைத்து மீண்டும் கொடுங்கள். உங்களை மணநாளிலிருந்து அறிந்த, பணத்தில் பங்கில்லாத இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் நல்லது.

கூடவே ஒன்று கேளுங்கள். கணவர் பணியில் சேர்ந்தபின் கொடுத்த குடும்ப விவரப் படிவம் சேவைப் புத்தகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் ‘மனைவி, ராணி’ என்று இருந்து பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்த பல கோப்புகளில் இந்தப் படிவத்தைத் தேடவே யாரும் முயலவில்லை.

இந்தத் தகராறு முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விண்ணப்பமும் இறப்புச் சான்றும் வந்ததும் அலுவலகத் தலைவர் தற்காலிகக் குடும்ப ஓய்வூதியம் வழங்கலாம். அதை எழுத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மதுரை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதற்கு எதற்கு இவ்வளவு? தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பெயர் பிரச்சினை, பங்கு பிரச்சினை எல்லாம் ஒரே காகிதத்தில் தீர்ந்துவிடுமே?

பதில்: பாதி சரி, ஐயா. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் கையெழுத்திட்ட சான்றில் ‘செல்வராணி என்கிற ராணி, மனைவி’ என்று வந்தால் அது பெரிய துணை. அதனால் விண்ணப்பத்திலேயே இரு பெயர்களையும் எழுதச் சொல்வேன். சான்றிதழ் வந்தபின் திருத்துவது தனித் தலைவலி.

ஆனால் பங்கைச் சான்றிதழ் தீர்க்காது. அது வாரிசுகள் யார் என்று சொல்லும். ஓய்வூதியம் யாருக்கு என்பதை ஓய்வூதிய விதிதான் சொல்லும். அது இறந்தவரின் சொத்தே அல்ல. ஆகவே உயிலில் எழுதி வேறொருவருக்குத் தர முடியாது. ஒரு ரயில்வே ஊழியரின் குடும்ப வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

திருநெல்வேலிப் பெண்: அதையும் கேட்க நினைத்தேன். வாரிசுச் சான்றில் என் மாமியார், நான், இரு பிள்ளைகள் என நான்கு பேர். மாமியார் நாலில் ஒரு பங்கு கேட்கிறார். மறுக்கவும் மனம் வரவில்லை.

பதில்: கணவரின் நிலத்திலும் வங்கிச் சேமிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு, அங்கே மறுக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியம் முழுவதும் உங்கள் பெயரில்தான் வரும். உங்களுக்குப் பின் பிள்ளைகள், வயது வரிசைப்படி. மனைவியும் பிள்ளைகளும் இல்லாதபோதுதான் பெற்றோருக்கு வரும். அவருக்கு மாதந்தோறும் ஏதாவது கொடுப்பது உங்கள் வீட்டு முடிவு. அதற்காக அலுவலகத்தில் ‘பங்கு பிரிக்கச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தாள் கோப்பைக் குழப்புவதோடு சரி.

கோவை வாசகர்: அப்பாவின் வாரிசுகளைக் காட்டும் வம்சாவளிப் பத்திரத்தில், இறந்துபோன என் அண்ணனின் பெயரைச் சேர்க்க வேண்டுமா? உயிரோடு இருப்பவர்கள் போதும் என்று பத்திரம் தட்டச்சு செய்பவர் சொல்கிறார்.

பதில்: சேருங்கள். இறந்தவரின் பெயர், இறந்த தேதி, மனைவி பிள்ளைகள் இருக்கிறார்களா, எல்லாம் வேண்டும். உங்கள் தந்தைக்கு முன்பே அண்ணன் இறந்திருந்தாலும் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வாரிசுகள்தான். விட்டுவிட்ட ஒரு பெயர் பின்னால் ஆட்சேபனை மனுவாக வந்து நிற்கும். அப்போது மீதிப் பெயர்கள் மீதும் சந்தேகம் விழும்.

தட்டச்சுக் கடைகளில் பழைய பத்திரத்தின் மேலேயே பெயரை மாற்றித் தட்டுகிறார்கள். ஒருமுறை என் மேசைக்கு வந்த வம்சாவளியில் வேறொரு குடும்பத்தின் பேரன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையெழுத்திடும் முன் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

பள்ளி ஆசிரியரின் மகன், தர்மபுரி: என் அப்பா தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர், 2010-இல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர். எங்களுக்கும் பாதிச் சம்பளம் 10 ஆண்டுகள் வரும் என்று புரிந்துகொண்டேன். சரிதானே?

பதில்: இல்லை தம்பி. நான் சொன்னது மத்திய அரசு ஊழியர்களுக்கு. மாநில அரசின் விதிகள் வேறு. இதை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். அப்பாவின் சம்பளப் பட்டியல் போட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்: இறந்துபோன ஊழியருடன் 18 ஆண்டுகள் வாழ்ந்தேன். ஒரு மகன், வயது 15. முதல் மனைவியுடனான மணத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துக்கொண்டார், நீதிமன்றம் போகவில்லை. அந்த அம்மா இப்போது வந்து ஓய்வூதியம் கேட்கிறார். எனக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: மகனுக்கு உண்டு. உங்கள் மணம் செல்லாதது என்றாலும் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளையே. 2000-இல் பீகார் ஊழியர் ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இரண்டாம் மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கு உண்டு என்றே சொன்னது. மகனின் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் இருந்தால் அவன் சார்பில் நீங்கள் இப்போதே விண்ணப்பம் கொடுங்கள். முதல் மனைவியின் கோரிக்கை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் உரிமை, அந்தப் பஞ்சாயத்துத் தீர்வை ஒட்டி நிற்கிறது. சமூக வழக்கப்படியான மணவிலக்கை இந்துத் திருமணச் சட்டம் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அலுவலகம் அதைத் தீர்மானிக்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பும். அன்று எழுதிய முறி இருக்கிறதா? யார் கையெழுத்திட்டார்கள்?

பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்: ஒரு தாள் இருந்தது. வெள்ளத்தில் போய்விட்டது. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

பதில்: அவருக்கு வயது என்ன? வழக்கறிஞரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இந்த வாரமே.