பத்து நாட்களுக்குள் ஏன்?

அன்புள்ள டாக்டர்,

என் தம்பிக்குச் சென்ற வாரம் ஆண் குழந்தை பிறந்தது. எடை 3 கிலோ 100 கிராம். பிறந்த சில மணி நேரத்தில் உதடும் நாக்கும் நீலமாகிவிட்டன. ஆக்சிஜன் வைத்தும் நிறம் மாறவில்லை. எக்கோ எடுத்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன என்றார்கள். அன்றிரவே தொடை வழியாகப் பலூன் விட்டு ஏதோ செய்தார்கள். இப்போது நிறம் பரவாயில்லை. ஆனாலும் பத்து நாட்களுக்குள் இதய அறுவை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். வயிற்றில் நன்றாக வளர்ந்த குழந்தைக்கு வெளியே வந்ததும் ஏன் இப்படி? இப்போதுதான் தேறியிருக்கிறதே, கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்தால் ஆகாதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மீனாட்சி, திண்டுக்கல்

அன்புள்ள மீனாட்சி,

தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர்கள் குறித்த நாளில் அறுவை நடக்கட்டும். பெரியவர்கள் கேட்பதில் தவறில்லை. வளரட்டும், பிறகு செய்யலாம் என்றுதான் இதய அறுவை மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த எண்ணம் ஏன் மாறியது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பத்து நாள் கணக்கு புரிந்துவிடும்.

இரத்த ஓட்டத்தை 8 என்ற எண்ணாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உடலிலிருந்து வரும் கறுத்த இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, பெருந்தமனி வழியாக உடலுக்குப் போகிறது. ஒரே கோடு, நடுவில் குறுக்கிட்டு இரண்டு சுழிகளையும் சுற்றி வருகிறது. உங்கள் தம்பியின் குழந்தைக்குப் பெருந்தமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. அதனால் 8 உடைந்து இரண்டு தனித்தனிப் பூஜ்யங்களாகிவிட்டது. கறுத்த இரத்தம் உடலையே சுற்றிச் சுற்றி வருகிறது. சிவந்த இரத்தம் நுரையீரலையே சுற்றி வருகிறது. ஆக்சிஜன் வைத்தும் நிறம் மாறாததற்குக் காரணம் இதுதான். நுரையீரலில் இருக்கும் இரத்தம் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. அது உடலுக்குப் போவதற்குத்தான் வழியில்லை.

வயிற்றில் இருக்கும்போது இது குறையாகவே தெரியாது. அங்கே ஆக்சிஜன் தருவது நச்சுக்கொடி, நுரையீரல் அல்ல. கருவின் இதயத்தில் இயற்கையாகவே இரண்டு குறுக்கு வழிகளும் உண்டு. மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஒரு மடல் வைத்த துளை. நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே ஒரு சிறு குழாய். அவற்றின் வழியே இரத்தம் கலந்துவிடுவதால் குழந்தை கொழுகொழுவென்று வளர்கிறது. மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும் ஆண் குழந்தை, இதயத்தில் இரைச்சல் இல்லை, பெரிதாக மூச்சுத்திணறல் இல்லை, நாக்கு மட்டும் நீலம். இந்த நோயின் வழக்கமான முகம் இதுதான். கைகால் விரல்கள் மட்டும் நீலமாக இருப்பது முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் வரக்கூடியது. நாக்கு நீலமாவது அப்படியல்ல.

பிறந்ததும் நச்சுக்கொடி அறுந்துபோகிறது. அந்தச் சிறு குழாயும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் சுருங்கி மூடிக்கொள்ளும். துளையின் மடலும் மூட முனையும். மற்றக் குழந்தைகளுக்கு அது நல்லது. இந்தக் குழந்தைக்கோ இரண்டு பூஜ்யங்களையும் இணைத்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன என்று அர்த்தம். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் இப்படிப் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி முதல் மாதத்துக்குள்ளும், பத்தில் ஒன்பது முதல் ஆண்டுக்குள்ளும் இறந்துவிடும்.

அதனால்தான் முதலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றிச் சிறு குழாயைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்த மருந்து சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும். வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போது சில சமயம் வென்டிலேட்டரில் வைப்பது அதற்காகத்தான். மருந்து மட்டும் பல நேரம் போதாது. குழாய் வழியே நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் பாய்ந்து இடது மேலறையில் வந்து சேரும். அந்த அழுத்தத்தில் மடல் இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

அன்றிரவு செய்த பலூன் சிகிச்சை அந்த மடலுக்கானது. ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ராஷ்கிண்ட் 1966இல் அறிவித்த முறை அது. தொடை நரம்பிலோ தொப்புள் நரம்பிலோ மெல்லிய குழல் ஒன்றை விட்டு, துளை வழியாக இடது மேலறைக்குள் கொண்டுபோவார்கள். அங்கே மூன்று நான்கு மில்லி திரவத்தில் பலூனை ஊதி, ஒரே வெடுக்கில் வலது மேலறைக்குள் இழுப்பார்கள். சுவர் கிழிந்து கதவு நிரந்தரமாகத் திறந்துவிடும். மெதுவாக இழுத்தால் சுவர் நெகிழ்ந்து கொடுக்குமே தவிரக் கிழியாது. 55, 60 என்று கிடந்த ஆக்சிஜன் அளவு சில நிமிடங்களில் 75, 80 என்று ஏறுவதை நான் எத்தனையோ முறை மானிட்டரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்த நிற மாற்றம் அதுதான். ஆனால் அது இரத்தம் கலப்பதால் வந்த மாற்றம். குழாய்கள் இன்னும் தவறான இடத்தில்தான் இருக்கின்றன.

கலந்தால் போதுமென்றால் ஓராண்டு காத்திருக்கலாமே? அப்படிக் காத்திருந்த காலம் உண்டு. ஸ்வீடனில் செனிங் 1950களின் இறுதியிலும், டொரன்டோவில் மஸ்டர்ட் 1960களிலும் கண்ட அறுவைகள் குழாய்களைத் தொடவில்லை. மேலறைகளுக்குள் தடுப்புக் கட்டி, வந்து சேரும் இரத்தத்தைத் திசைமாற்றி அனுப்பின. பல மாதக் குழந்தைக்குச் செய்யலாம். குழந்தைகள் பிழைத்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். ஆனால் உடல் முழுவதற்கும் இரத்தம் தள்ளும் வேலையை வலது கீழறையே வாழ்நாள் முழுவதும் செய்தாக வேண்டியிருந்தது. அது அதற்கான தசை அல்ல. இருபது முப்பது வயதில் பலருக்கு அது தளர்ந்தது, இதயத் துடிப்பும் தாறுமாறானது.

குழாய்களையே இடம் மாற்றும் அறுவையை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அடிப் ஜட்டேனி. ஆண்டு 1975. அந்தக் குழந்தைக்குக் கீழறைகளுக்கு இடையிலும் ஒரு ஓட்டை இருந்தது. வெற்றிக்கு அது முக்கியமான காரணம். பிறந்த பிறகு நுரையீரலின் அழுத்தம் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. இந்தக் குழந்தைகளில் இடது கீழறைக்குத் தள்ள வேண்டியது அந்த இலகுவான நுரையீரலுக்குள் மட்டும்தான். உழைப்பு குறைந்தால் தசை மெலிகிறது. மூன்று நான்கு வாரங்களில், உடலின் அழுத்தத்தைத் தாங்கும் வலு அதற்கு இல்லாமல் போகும். கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் இரண்டு அறைகளிலும் அழுத்தம் சமமாக இருக்கும், தசை மெலியாது. ஓட்டை இல்லாத குழந்தைக்கு என்ன வழி? பாஸ்டனில் காஸ்டனேடாவின் குழு 1984இல் வெளியிட்ட விடை எளிமையானது: பிறந்த சில நாட்களிலேயே செய்துவிடுவது. வயிற்றில் இருந்தவரை அந்த அறை முழு அழுத்தத்தில் உழைத்தது. பிறந்த முதல் இரண்டு வாரம் வரை அந்தப் பலம் அதற்கு மிச்சமிருக்கிறது.

பத்து நாள் கணக்கு இதுதான். ஏழு வாரம் கழித்து வந்த ஒரு குழந்தையின் எக்கோ இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உருண்டையாக இருக்கவேண்டிய இடது கீழறை வாழைப்பழம்போல் ஒடுங்கி, நடுச்சுவர் அதன் பக்கம் சாய்ந்து கிடந்தது. முதலில் நீலம் அவ்வளவாகத் தெரியாததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அப்படி வந்தால் நுரையீரல் தமனியைச் சற்றே இறுக்கிக் கட்டி, அந்த அறைக்கு மறுபடி பயிற்சி கொடுத்துப் பிறகு மாற்றலாம். மாற்றியபின் இதயத்துக்குத் துணையாகச் சில நாள் இயந்திரம் வைக்கவும் நேரலாம். எல்லாமே நேரத்தில் செய்வதைவிட ஆபத்து அதிகம்.

இனி அறுவை. குழந்தையை இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலைக் குளிர்வித்து, இதயத்தை நிறுத்துவார்கள். பிறகு இரண்டு பெரிய குழாய்களையும் வால்வுகளுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டி, மாற்றிப் பொருத்துவார்கள். வால்வுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதுவரை நுரையீரல் வால்வாக இருந்தது இனிப் பெருந்தமனி வால்வாகிவிடும். பிரான்ஸின் லெகோம்ட் 1981இல் சொன்ன உபாயப்படி, நுரையீரல் தமனியின் கிளைகளைப் பெருந்தமனிக்கு முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டும் இழுபடாமல், செயற்கைக் குழாய் இல்லாமல் சேரும்.

கடினமான பகுதி இதுவல்ல. இதயத் தசைக்கே உணவூட்டும் இரண்டு கரோனரித் தமனிகள் பெருந்தமனியின் அடியிலிருந்து கிளம்புகின்றன. குழாயை மட்டும் மாற்றிவிட்டால் அவை கறுத்த இரத்தம் வரும் பழைய அடியிலேயே நின்றுவிடும். ஆகவே அவற்றையும் எடுத்து நடவேண்டும். ஒவ்வொன்றின் வாயையும் சுற்றிச் சட்டைப் பொத்தான்போல் வட்டமாகச் சுவரோடு வெட்டி எடுத்து, புதிய அடியில் தைப்பார்கள். தமனியின் விட்டம் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர். நூல் தலைமுடியைவிட மெல்லியது. வெட்டிய இடத்துப் பள்ளங்களைக் குழந்தையின் இதய உறையிலிருந்தே எடுத்த சிறு துண்டால் அடைப்பார்கள். பலூன் கிழித்த துளையையும் மூடுவார்கள். சிறு குழாயைக் கட்டி அறுத்துவிடுவார்கள்.

பொத்தான் சற்றுத் திரும்பிவிட்டாலும் தமனி மடங்கும். பெருந்தமனியைப் பிடித்திருந்த கிடுக்கியை எடுத்து இரத்தம் பாய்ந்ததும் இதயத்தின் எல்லாப் பக்கமும் இளஞ்சிவப்பாகிறதா என்று எல்லோரும் உற்றுப் பார்க்கும் நேரம் அது. ஒரு பகுதி மங்கி நின்றாலோ, ஈசிஜி கோடு மாறினாலோ, அந்தத் தமனியைத் திரும்பத் தைக்க வேண்டும். ஒரே தமனியாகப் பிறந்திருப்பதும், தமனி பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடுவதும் ஆபத்தைக் கூட்டும். கரோனரி அமைப்பு எப்படி இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இன்று நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன.

பிறகும் வாழ்நாள் முழுவதும் பரிசோதனை உண்டு. தைத்த இடத்தில் நுரையீரல் தமனி குறுகலாம், புதிய பெருந்தமனியின் அடி விரியலாம், வால்வு கசியலாம். ஓடியாடி விளையாடுவதற்குப் பெரும்பாலோருக்குத் தடையிருக்காது.

அறுவை முடிந்து தம்பியும் மனைவியும் குழந்தையைப் பார்க்கப் போகும்போது மார்பெலும்பு இன்னும் மூடப்படாமல், மேலே மெல்லிய உறை மட்டும் இருக்கலாம். இதயம் வீங்கியிருக்கும் என்பதால் சில சமயம் ஒன்றிரண்டு நாள் அப்படி வைப்பதுண்டு. வீக்கம் வடிந்ததும் மூடிவிடுவார்கள். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள். சொல்லாமல் போய்ப் பார்த்தால் பயந்துவிடுவார்கள்.