விஷு வருடம் மாசி 4 என்பது எந்தத் தேதி? படியெடுப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் தோட்டமொன்றில் கோயில் கணக்கெழுதிய என் பாட்டனாரின் நோட்டுப் புத்தகத்தைப் படியெடுத்து வருகிறேன். அதில் ‘விஷு௵ மாசி௴ ௪௳ ஞாயிறு அமாவாசை, சீனன் கடை அடைப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. விஷு 1941 என்று அறிந்து, இவ்வாண்டின் நாட்காட்டியையும் பார்த்து, 16-2-1941 என்று எழுதினேன். அன்று ஞாயிறுதான், ஆனால் அமாவாசை இல்லை. பாட்டனார் திதியைத் தவறாக எழுதிவிட்டாரா?

பதில்: பாட்டனார் சரியாகவே எழுதியிருக்கிறார். தவறு நம் பக்கத்தில் இரண்டு இடங்களில் நேர்ந்திருக்கிறது.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். அறுபது ஆண்டுகளின் சுற்று பிரபவவில் தொடங்குகிறது. அண்மைச் சுற்றுகள் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கின. விஷு பதினைந்தாவது ஆண்டு என்பதால், தொடக்க ஆண்டோடு 14-ஐக் கூட்டினால் 1881, 1941, 2001 என மூன்று விடைகள் கிடைக்கின்றன. இந்த எண்கள் அந்தந்த ஆண்டின் சித்திரை மாதத்துக்கு உரியவை என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாசி வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறது. ஆகவே 1941 சித்திரையில் பிறந்த விஷுவின் மாசி 1942-இல்தான் வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் எப்போதும் ஓர் ஆண்டைக் கூட்ட வேண்டும். மார்கழி இரண்டு ஆண்டுகளிலும் கால் வைத்திருக்கும் மாதம்; அதன் முதற்பாதி டிசம்பரிலும் பிற்பாதி ஜனவரியிலும் விழும். மார்கழி 16, 17 தேதிகளைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடுவது நல்லது.

இரண்டாவது தவறு நாளில் நேர்ந்தது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறும் நேரத்தைக் கொண்டு பிறக்கிறது. அந்த நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன் அமைந்தால் அன்றே மாதத்தின் முதல் நாள்; அஸ்தமனத்துக்குப் பின் அமைந்தால் மறுநாள். பஞ்சாங்கத்தின் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்றே நீளமானது. அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு நாள் தள்ளிப்போகும். உங்கள் வரிக்கு உரிய மூன்று விடைகளையும் கணக்கிட்டால் இது கண்கூடாகத் தெரியும்: மாசி 4 என்பது 1882-இல் பிப்ரவரி 14 செவ்வாய், 1942-இல் பிப்ரவரி 15 ஞாயிறு, 2002-இல் பிப்ரவரி 16 சனி. இன்றைய நாட்காட்டியை அளவுகோலாகப் பிடித்ததால்தான் உங்களுக்கு 16 கிடைத்தது.

மூன்றில் ஞாயிறு ஒன்றே ஒன்றுதான். திதியும் அதையே உறுதிசெய்கிறது. 1942 பிப்ரவரி 15 அமாவாசை நாள். கடை அடைப்புக்கும் இதிலேயே விடை இருக்கிறது, ஏனென்றால் அவ்வாண்டின் சீனப் புத்தாண்டு அன்றுதான் பிறந்தது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அதே நாளில்தான். ஆனால் பாட்டனார் கடை அடைப்பை மட்டுமே குறித்திருக்கிறார். அவர் எழுதாத செய்தியை நாம் படியில் சேர்க்கக் கூடாது.

கிழமையோ திதியோ ஒத்துவராதபோது, எழுதியவர் பிழை செய்தார் என்று முடிவுகட்டுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். நானும் ஒருமுறை ஒரு திருவிழாக் கணக்கு முழுவதையும் சுவரில் தொங்கிய நாட்காட்டியை வைத்தே மாற்றி, கிழமைகள் எல்லாம் ஒரு நாள் தள்ளி நிற்பதைக் கண்ட பிறகு, நாற்பது பக்கங்களைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அதே நோட்டில் அடுத்த வரி ‘மாசிமீ ருஉ எண்ணெய் வகைக்கு வெள்ளி உ’ என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. ‘மாசி 52, வெள்ளிக்கிழமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். 52-ஆம் தேதி எப்படி வரும்?

பதில்: வராது. தமிழ் மாதங்களில் மிக நீளமானவற்றுக்கும் 32 நாள்தான். 32-க்கு மேல் ஓர் எண் வந்தால், தேதிக் குறியை எண்ணாக விழுங்கிவிட்டீர்கள் என்று பொருள். ‘மீ’ போலத் தெரிவது மாதக் குறியான ௴. ‘ரு’ போலத் தெரிவது ஐந்து என்ற எண்ணான ௫. அதையடுத்து ‘உ’ போலச் சுழிந்திருப்பது ௨ அல்ல, நாளைக் குறிக்கும் ௳. ஆகவே அது மாசி 5.

52 என்று வந்ததால் உங்களுக்குச் சந்தேகம் எழுந்தது. உண்மையான ஆபத்து சிறிய எண்களில் இருக்கிறது. ‘௧௳’ என்பதை 12 என்றும் ‘௨௳’ என்பதை 22 என்றும் படித்துவிட்டால், இரண்டுமே நடக்கக்கூடிய தேதிகளாக இருப்பதால் எவருக்கும் ஐயம் வராது. 12, 22 என்று படித்த இடங்களையெல்லாம் தனியே குறித்துவைத்து, முன்வரியின் தேதியோடும் பின்வரியின் தேதியோடும் ஒப்பிடுங்கள். தை 29-க்கும் மாசி 3-க்கும் நடுவில் ‘மாசி 12’ உட்கார்ந்திருந்தால் அது மாசி 1-ஆகத்தான் இருக்கும். உண்மையிலேயே பன்னிரண்டாக இருந்தால் எண்ணுக்குப் பின் இன்னொரு சுழியும் இருக்க வேண்டும். சிலர் பன்னிரண்டை ௰௨ என்றும் எழுதுவர்.

‘வெள்ளி’யைப் பொறுத்தவரை, கிழமைக்கும் பணத்துக்கும் அதே சொல்லை வழங்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு வாய்த்த சிக்கல் இது, தமிழ்நாட்டிலிருந்து உதவிக்கு வரும் நண்பர்களுக்கு இது புரியவே சற்று நேரமாகும். முதல் வரியில் மாசி 4 ஞாயிறு என்று உறுதிசெய்தோம். அப்படியானால் மாசி 5 திங்கள். இந்த வெள்ளி கிழமையாக இருக்க வழியில்லை. எண்ணெய்க்குக் கொடுத்த பணம் இரண்டு வெள்ளி. இங்கே கடைசியில் நிற்கும் ‘உ’ மட்டும் மெய்யாகவே ௨ என்ற எண்.

கேள்வி: ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஆண்டின் பெயர் ‘குரோத…’ என்பதோடு கிழிந்துவிட்டது. ஊகிக்கலாமா?

பதில்: ஊகிக்க வேண்டாம், இரண்டையும் சோதித்துப் பாருங்கள். குரோதி 1904, 1964 ஆகிய ஆண்டுகளிலும், குரோதன 1925, 1985 ஆகிய ஆண்டுகளிலும் தொடங்கியது. பத்திரிகையில் மாதம், நாள், கிழமை மூன்றும் இருந்தால் நான்கில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். மணமக்களின் வயதைக் கொண்டு மீதியை முடிவுசெய்யலாம். விரோதி–விரோதகிருது, பிரமாதி–பிரமாதீச, ஹேவிளம்பி–விளம்பி ஆகிய பெயர்களிலும் இதே மயக்கம் உண்டு.

கேள்வி: மாற்றிய தேதியைக் கணினி அட்டவணையில் எப்படிப் பதிவது?

பதில்: மூல வரியை எழுத்துக்கு எழுத்து ஒரு பத்தியிலும், மாற்றிய தேதியை `1942-02-15` என்ற வடிவில் இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். தேதிப் பத்தியை எழுத்து வகையாகவே அமைத்துக்கொள்ளுங்கள். எக்செல் 1900-க்கு முந்தைய நாட்களைத் தேதியாக ஏற்பதில்லை. மாதம் மட்டுமே எழுதியிருந்தால் ஒரு நாளைப் புனையாமல் எல்லைகளைக் கொடுங்கள். விஷு மாசி என்றால் `1942-02-12/1942-03-13`.

மூன்றாவது பத்தியில், அந்தத் தேதி எதனால் உறுதிப்பட்டது என்று ‘கிழமை, திதி’ என்பது போல ஓரிரு சொற்களில் குறியுங்கள். கிழமையோ திதியோ இல்லாத வரிகளுக்கு அங்கே ‘ஒரு நாள் முன்பின்’ என்று எழுதுங்கள். ராசி மாறும் நேரம் அஸ்தமனத்தை ஒட்டி வரும் மாதங்களில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் முதல் நாளை வேறுவேறாகக் கொள்ளக்கூடும். பாட்டனார் எதைப் பார்த்து எழுதினார் என்பதை அவ்வரி நமக்குச் சொல்லாது.